வரியை நேரடியாகத் திருத்துவதா, ஆர்டர் வழியாகவா?

பர்சேஸ் ஆர்டர் மாட்யூல் ஒன்றை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தவன் நான். முதலில் எழுதியது எளிய வழி: ஆர்டர் ஒரு டேபிள், அதில் பொருளுக்கு ஒன்றாக உள்ள வரிகள் இன்னொரு டேபிள். எந்த வரியின் எண்ணிக்கை மாறினாலும் சர்வீஸ் அந்த வரியை எடுத்து, மொத்தத்தைக் கூட்டிப் பார்த்து, சேவ் செய்யும். பிறகு மாறியது அக்ரிகேட் ரூட்டுக்கு. அதில் வரியை வெளியிலிருந்து யாரும் தொட முடியாது. ஆர்டர் ஆப்ஜெக்ட்டிடம் சொன்னால் அதுதான் மாற்றும். என் ஓட்டு இரண்டாவதற்கே.

விதிகள் ஒரே இடத்தில் இருக்கும், கோட் படிக்கச் சுலபம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் சர்வீஸை ஒழுங்காக எழுதினாலும் அது கிடைத்துவிடும். என்னை மாற வைத்தது வேறு: இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்தால் என்ன ஆகிறது என்பது.

ஓர் ஆர்டரின் வரம்பு 50,000 ரூபாய், இப்போதைய மொத்தம் 46,000 என்று வையுங்கள். ஒருவர் நாற்காலி வரியில் 3,000 ஏற்றுகிறார். அவர் கணக்கில் மொத்தம் 49,000, சரி. அதே நொடியில் இன்னொருவர் மேசை வரியில் 2,500 ஏற்றுகிறார். முதலாமவரின் மாற்றம் இன்னும் கமிட் ஆகாததால் இவர் பார்ப்பதும் பழைய 46,000தான். கூட்டினால் 48,500, இதுவும் சரி. இருவரும் சேவ் செய்த பிறகு மொத்தம் 51,500. ஒவ்வொரு வரிக்கும், மாறும்போதெல்லாம் ஏறும் தனி வெர்ஷன் எண் வைத்திருந்தோம். ஆனால் இருவர் தொட்டதும் வெவ்வேறு வரிகள், மோதலே இல்லை. எங்களுக்கு இப்படித்தான் நடந்தது. “செக் பண்ணித்தானே சேவ் ஆகுது, எப்படி தாண்டுச்சு?” என்று கேட்ட நண்பருக்கு லாகைக் காட்டினேன். இரண்டு செக்கும் பாஸ்.

விதி ஆர்டருக்கு, பூட்டு வரிக்கு. கோளாறு அங்கேதான். அக்ரிகேட் ரூட்டில் வெர்ஷன் ஆர்டரில் இருக்கும், எந்த வரி மாறினாலும் அது ஏறும். இரண்டாவதாக வருபவர் கமிட் செய்யும்போது வெர்ஷன் 7 என்று தேடுவார், அது 8 ஆகியிருக்கும், சேவ் தோற்கும். மறுபடி லோட் செய்தால் மொத்தம் 49,000 என்று தெரியும், ஆர்டரே 2,500-ஐ மறுத்துவிடும்.

இங்கே ஒரு பள்ளம் உண்டு, நானும் விழுந்தேன். ஹைபர்னேட்டில் ஆர்டர் கிளாஸில் `@Version` போட்டால் மட்டும் போதாது. வரியின் எண்ணிக்கை மாறும்போது அப்டேட் ஆவது வரியின் டேபிள் மட்டுமே. ஆர்டரின் சொந்த ஃபீல்டு எதுவும் மாறாததால் அதன் வெர்ஷன் அசையாது. ரூட் வழியாகத்தான் போகிறோம் என்று நிம்மதியாக இருப்போம், பழைய ஓட்டை அப்படியே இருக்கும். கேட்டு வாங்க வேண்டும்:

```java
Order o = em.find(Order.class, id,
    LockModeType.OPTIMISTIC_FORCE_INCREMENT);
o.changeQuantity(lineId, 40);
```

சோதிப்பது சுலபம். SQL லாகைத் திறந்து, ஒரு வரியை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஆர்டர் டேபிளுக்கும் வெர்ஷனோடு ஓர் `update` போகவில்லையென்றால் பூட்டு விழவில்லை.

சர்வீஸ் வழியிலேயே இருந்துகொண்டு போஸ்ட்கிரெஸ்ஸில் டிரான்ஸாக்‌ஷன் நிலையை `SERIALIZABLE` என்று வைக்கலாமே என்று கேட்பார்கள். வைக்கலாம். 9.1 பதிப்பிலிருந்து அது இந்த வகை மோதலைப் பிடித்து 40001 பிழை தரும். ஆனால் அந்த வரிகளில் எழுதும் எல்லா டிரான்ஸாக்‌ஷனும் அதே நிலையில் ஓட வேண்டும். ராத்திரி ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் சாதாரண நிலையில் வரியை மாற்றினால் காப்பு போச்சு. அதே ஸ்கிரிப்ட் ரூட்டைத் தாண்டிப் போனாலும் இதே கதிதான், மறுக்கவில்லை. சிறிய டீம், டேட்டாபேஸ் நன்றாகத் தெரிந்தவர்கள் என்றால் இது மோசமான தேர்வு இல்லை.

ரூட்டுக்குக் கொடுக்கும் விலை, வீண் மோதல்கள். ஆரம்பத்தில் ஆர்டரின் குறிப்புகளையும் உள்ளேயே வைத்திருந்தேன். ஒருவர் “சாயங்காலம் டெலிவரி” என்று எழுதியதற்கு எண்ணிக்கை மாற்றியவரின் சேவ் தோற்றது. வரம்புக்கும் குறிப்புக்கும் சம்பந்தமில்லை; வெளியே எடுத்துத் தனியாக வைத்ததும் அந்தத் தொல்லை நின்றது. பொருளின் விவரத்தையும் ஐடியாக மட்டும் வைத்தேன். எந்த விதியைக் காக்க வேண்டுமோ அதற்குத் தேவையானது மட்டும் உள்ளே இருந்தால் போதும்.

நான் பார்த்த ஆர்டர்களில் சில டஜன் வரிகள்தான். ஆயிரக்கணக்கில் வரிகள் இருந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழுவதையும் லோட் செய்வது கனக்கும் என்று நினைக்கிறேன். அங்கே மொத்தத்தை ஆர்டரிலேயே ஒரு ஃபீல்டாக வைத்து, மாறும் வரியை மட்டும் எடுப்பேன். அப்படிச் செய்தால் ஆர்டரின் ஃபீல்டே மாறுவதால் வெர்ஷனும் தானாக ஏறும்.