முடித்த வேலை ‘முடியவில்லை’ என்று பதிவானால்: விளக்கக் கடிதமா, திருத்தக் கோரிக்கையா?

நூற்பாலை ஒன்றில் இரண்டாம் ஷிப்டில் இருக்கும் ஃபிட்டருக்கு, 14ஆம் எண் ரிங் ஃப்ரேமில் டிராவலர் மாற்றும்படி வேலை அட்டை தரப்படுகிறது. அந்த ஃப்ரேமில் 1,008 ஸ்பிண்டில்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு டிராவலர். ரிங்கின் விளிம்பைச் சுற்றி ஓடி நூலுக்கு முறுக்கேற்றும் டிராவலர் என்ற சிறு கம்பி வளையம் தேய்ந்துபோனால் நூல் அறுவது கூடும், மயிர்த்தன்மையும் ஏறும். அதனால்தான் குறித்த இடைவெளியில் ஃப்ரேம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் புது டிராவலர் போடுகிறார்கள். இரவு 8.10 மணிக்கு டாஃப் ஆகி, அதாவது நூல் நிறைந்த பாபின்கள் கழற்றப்பட்டு, ஃப்ரேம் நின்றது. ஃபிட்டரும் உதவியாளர்களும் இரு பக்கமும் மாற்றி முடித்து 9.20 மணிக்கு ஓட்டிவிட்டார்கள். ஆனால் வேலை அட்டையில் ‘ஒப்படைப்பு’ என்ற கட்டத்தில் கையொப்பமிட வேண்டிய உற்பத்திப் பிரிவு ஷிப்ட் சூப்பர்வைசர் வேறொரு ஃப்ரேமின் பழுதில் மாட்டிக்கொண்டதால், அட்டை அலுவலகத் தட்டில் கையொப்பம் இல்லாமலே கிடந்தது. ஷிப்ட் முடியும் நேரத்தில் அட்டைகளைக் கணினியில் ஏற்றிய எழுத்தர், கையொப்பம் இல்லாத அட்டையை வழக்கப்படி ‘முடியவில்லை’ என்று பதிந்துவிட்டார். கணினியில் இருப்பது ‘முடிந்தது’, ‘முடியவில்லை’ என்ற இரண்டே நிலைகள். வேலை முடிந்து ஒப்படைப்பு மட்டும் பாக்கி என்று சொல்ல அங்கே இடமில்லை.

மறுநாள் இதைப் பார்த்த ஃபிட்டர் பராமரிப்பு மேற்பார்வையாளருக்கு எப்படி எழுதுவது? பொதுவாகக் கைக்கு வருபவை நான்கு வழிகள். வாய்மொழியாகவோ வாட்ஸ்அப்பிலோ சொல்லிவிடுவது முதலாவது. தொழிற்சங்கத்தின் வழியாகக் குறைதீர்ப்புக் குழுவுக்குக் கொண்டுபோவது இரண்டாவது. நடந்ததை விளக்கி, தன்மேல் தவறில்லை என்று எழுதும் விளக்கக் கடிதம் மூன்றாவது. பதிவைத் திருத்தும்படி மட்டும் கேட்கும் கோரிக்கை நான்காவது.

முதல் இரண்டையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வாய்மொழி வேகமானது, நல்ல மேற்பார்வையாளராக இருந்தால் அன்றைக்கே வேலை முடிந்துவிடும். ஆனால் “சரி, பார்த்துக்கொள்கிறேன்” என்ற பதிலுக்குப் பிறகும் பதிவு அப்படியே இருந்தால், மூன்று மாதம் கழித்து ஊக்கத்தொகைக் கணக்கிலோ மதிப்பீட்டிலோ அது தலைகாட்டும்போது காட்டுவதற்குக் கையில் எதுவும் இருக்காது. குறைதீர்ப்புக் குழு சட்டப்படியான வழி. 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இருக்கும் தொழில் நிறுவனத்தில் அது இருந்தாக வேண்டும். ஆயினும் மேற்பார்வையாளரிடம் ஒருமுறைகூட எழுத்தில் கேட்காமல் அங்கே போனால், “முதலில் பிரிவில் கேட்டீர்களா?” என்பதே முதல் கேள்வியாக வரும். கேட்டதற்கான கடிதம் அங்கேயும் தேவைப்படும் என்பதால், அது அடுத்த படியாகவே இருக்கட்டும்.

உண்மையான போட்டி விளக்கக் கடிதத்துக்கும் திருத்தக் கோரிக்கைக்கும் இடையில்தான். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். படிப்பவரை அவை நிறுத்தும் இடம் முற்றிலும் வேறு.

விளக்கக் கடிதம் ஆலைத் தொழிலாளருக்குப் பழகிய வடிவம். மெமோ வந்தால் எழுதுவது அதுதான் என்பதால், மெமோ வராதபோதும் கை அதையே எழுதிவிடுகிறது. “நான் பல ஆண்டுகளாக எந்தக் குறையும் இல்லாமல் பணிபுரிந்து வருகிறேன். அன்று என் வேலையை முழுமையாகச் செய்தேன். ஷிப்ட் சூப்பர்வைசர் கையொப்பமிட வராததே இதற்குக் காரணம். என்மீது எந்தத் தவறும் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்” என்று அது போகும். இதில் ஒரு வாக்கியம்கூடப் பொய் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் மேற்பார்வையாளர் யார் சொல்வதை நம்புவது என்று தீர்ப்புச் சொல்லியாக வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார். மேலும், சக அலுவலர் ஒருவரின் மேல் குறை வந்துவிட்டதால் அவரிடமும் விளக்கம் கேட்க வேண்டும். யாரும் கேட்காத குற்றச்சாட்டுக்குப் பதில் எழுதியதுபோல ஆகி, தனிக் கோப்பில் ‘பணி முடிக்காதது தொடர்பான விளக்கம்’ என்ற பெயரில் கடிதம் உட்காரும் ஆபத்தும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கடிதம் எதையும் செய்யச் சொல்லிக் கேட்கவில்லை. ‘தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று முடியும் கடிதத்துக்குக் கோப்பில் சேர்ப்பதைத் தவிர வேறு நடவடிக்கை இல்லை.

திருத்தக் கோரிக்கை ஆளைப் பற்றிப் பேசாமல் பதிவைப் பற்றிப் பேசுகிறது. எந்தப் பதிவு, அதில் எந்தச் சொல், அது ஏன் நடந்ததோடு பொருந்தவில்லை, எப்படி மாற்ற வேண்டும் என்ற நான்குடன் அது முடிந்துவிடும். இதே நிகழ்வுக்கு அது ஏறத்தாழ இப்படி அமையும்:

“ஐயா,

பொருள்: 14ஆம் எண் ரிங் ஃப்ரேம் டிராவலர் மாற்றம், 12ஆம் தேதி இரண்டாம் ஷிப்ட் – பதிவைத் திருத்தக் கோருதல்.

மேற்கண்ட வேலை கணினிப் பதிவில் ‘முடியவில்லை’ என்று உள்ளது. ஃப்ரேம் இரவு 8.10 மணிக்கு நிறுத்தப்பட்டு, 1,008 ஸ்பிண்டில்களுக்கும் 6/0 எண் டிராவலர் மாற்றப்பட்டு, 9.20 மணிக்கு மீண்டும் ஓட்டப்பட்டது. வேலை அட்டையில் ஒப்படைப்புக் கையொப்பம் ஷிப்ட் முடிவதற்குள் பெறப்படவில்லை. அந்தக் கட்டம் இன்னும் காலியாகவே உள்ளது.

இத்துடன் ஸ்டோர் வழங்கல் சீட்டு, ஸ்டோர் திருப்பிச் சீட்டு, உற்பத்திப் பிரிவின் அன்றைய ஃப்ரேம் நிறுத்தக் குறிப்பு ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். ஃப்ரேமையும் நேரில் பார்க்கலாம்.

ஆகவே, 12ஆம் தேதியே வேலை முடிந்ததாகவும், ஒப்படைப்பு பின்னர் சரிபார்க்கப்பட்டதாகவும் திருத்தக் குறிப்புச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

இக்கடிதத்தில் அதிகம் வேலை செய்யும் வாக்கியம், கையொப்பம் பெறப்படவில்லை என்று ஒப்புக்கொள்ளும் வாக்கியமே. மேற்பார்வையாளர் அட்டையை எடுத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அந்தக் காலிக் கட்டம்தான். அதைப் பற்றிப் பேசாத கடிதம் எதையோ மறைப்பதுபோலத் தோன்றும். யார் வரவில்லை என்று பேசும் கடிதம் சண்டையாகிவிடும். ‘பெறப்படவில்லை’ என்று மட்டும் சொல்லும்போது, வேலை முடிந்ததா என்ற கேள்வியும் ஒப்படைக்கப்பட்டதா என்ற கேள்வியும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன. தவறு நடந்ததே இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிய இடத்தில்தான்.

சான்றுகள் விஷயத்திலும் இரண்டு கடிதங்களும் வேறுபடுகின்றன. விளக்கக் கடிதம் பெரும்பாலும் உடன் வேலை செய்தவர்களைச் சாட்சியாகக் காட்டும். அவர்கள் சொல்வது உண்மையாக இருந்தாலும், அதே குழு என்பதால் எடை குறைவு. திருத்தக் கோரிக்கை எழுதுபவரின் கைபடாத காகிதங்களைத் தேட வைக்கிறது, அதிலும் எல்லாக் காகிதமும் ஒன்றல்ல. பலர் வழங்கல் சீட்டை மட்டும் இணைப்பார்கள். அது 2 பெட்டி, அதாவது 2,000 டிராவலர் வாங்கியதைத்தான் காட்டும், போட்டதைக் காட்டாது. மீதியை ஸ்டோரில் திருப்பிக் கொடுத்த சீட்டே கணக்கை மூடுகிறது. இங்கே திரும்பியது 970. செலவான 1,030இல் 1,008 ஃப்ரேமில் ஏறியது, 22 போடும்போது வளைந்தும் சிதறியும் வீணானது. ஒரு பக்கம் மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தியிருந்தால் செலவு 504ஐ ஒட்டி இருந்திருக்கும், 1,500க்குச் சற்றுக் குறைவாகத் திரும்பியிருக்கும். இவ்வளவும் 14ஆம் ஃப்ரேமில்தான் போயிற்று என்பதை, உற்பத்திப் பிரிவு தன் கணக்குக்காகவே எழுதும் 70 நிமிட நிறுத்தக் குறிப்பு காட்டுகிறது. புது டிராவலர் பழகும்வரை வேகத்தைக் குறைத்து ஓட்டும் ஆலையாக இருந்தால், அன்றிரவு அந்த ஃப்ரேமின் வேகம் குறைந்திருந்ததும் இன்னொரு சான்று.

இச்சான்றுகளுக்கு ஆயுள் குறைவு என்பதால் கடிதம் ஓரிரு நாளில் போக வேண்டும். ஃப்ரேமின் பேனலில் பழைய ஷிப்டின் விவரங்கள் மேலெழுதப்பட்டுவிடலாம். புது டிராவலரின் உள்வளைவில் தேய்மானத் தடம் இல்லாததை முதல் சில நாள்களில் ஒன்றிரண்டைக் கழற்றிப் பார்த்துச் சொல்லிவிட முடியும். பிறகு அது கடினம்.

மேற்பார்வையாளரின் பக்கமிருந்து பார்த்தாலும் கோரிக்கைதான் எளிது. பதிவு இப்படியே நின்றால், பாக்கி வேலைப் பட்டியலில் 14ஆம் ஃப்ரேம் மறுபடி வரும். விவரம் தெரியாத அடுத்த ஷிப்ட் நல்ல டிராவலர்களையே கழற்றி எறிந்துவிட்டு இன்னொரு பெட்டிக்கும் மேலாகச் செலவழிக்கும், ஃப்ரேமும் மீண்டும் ஒரு மணி நேரம் நிற்கும். பிரிவுக்கு நேரும் இந்த நஷ்டத்தைக் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்ப்பது தவறில்லை, ஆனால் மிரட்டல்போல ஒலிக்காமல் இருக்க வேண்டும். ‘முடியவில்லை’ என்பதை அழிக்கச் சொல்லாமல் திருத்தக் குறிப்புச் சேர்க்கச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்: அழிக்கும் அதிகாரம் பல இடங்களில் மேற்பார்வையாளருக்கே இருக்காது, அழித்தால் எழுத்தர் ஏன் அப்படிப் பதிந்தார் என்ற கேள்வி எழும். குறிப்புச் சேர்த்தால் எழுத்தர் விதிப்படி நடந்ததும் ஃபிட்டர் வேலையை முடித்ததும் ஒரே பதிவில் நிற்கும்.

விளக்கக் கடிதம் வெல்லும் இடம் ஒன்று உண்டு. வேலையை முடிக்கவில்லை என்று நிர்வாகம் ஏற்கெனவே மெமோ கொடுத்து, குறித்த நாளுக்குள் விளக்கம் கேட்டிருந்தால், திருத்தக் கோரிக்கை அதற்குப் பதிலாகாது. பதில் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளப்படும். அப்போது மெமோவின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, அதில் உள்ள குற்றச்சாட்டை மறுக்கிறேன் என்று ஒரே வாக்கியத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அதன் கீழ் மேற்கண்ட கோரிக்கையை அப்படியே தொடரலாம். சேவைக்காலப் பெருமையும் அடுத்தவர் குறையும் அப்போதும் தேவையில்லை.

இரண்டில் எதை எழுதினாலும் நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியுடன் கையொப்பம் வாங்க வேண்டும். ஒரு வாரத்தில் பதிவு மாறாவிட்டால் புதுக் கடிதம் எழுதாமல், அந்த நகலையே இணைத்து இரண்டு வரி நினைவூட்டல் கொடுத்து, பராமரிப்பு மேலாளருக்கும் ஒரு படி அனுப்பலாம். குறைதீர்ப்புக் குழுவுக்குப் போக நேர்ந்தால் அங்கே கொண்டுபோக வேண்டியவையும் இந்த இரண்டு தாள்களும் மூன்று சீட்டு நகல்களும்தான்.