நாற்பது வாரக் கணக்கும் பூட்ஸ்ட்ராப் இடைவெளியும்: நெடுநாள் பயன்படுத்தியவனின் அனுபவம்

2023 செப்டம்பர் முதல் நிஃப்டி வார ஆப்ஷன்களிலும், 2024 நவம்பரில் அவை நிறுத்தப்படும் வரை பேங்க் நிஃப்டி வார ஆப்ஷன்களிலும், சந்தை விலைக்கு மேலே ஒரு கால் ஆப்ஷனும் கீழே ஒரு புட் ஆப்ஷனும் சேர்ந்த ஸ்ட்ராங்கிளை விற்றுப் பிரீமியம் ஈட்டும் முறையைப் பின்பற்றி வருகிறேன். இந்த முறை உண்மையிலேயே பலன் தருகிறதா, அல்லது நல்ல காலம் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று அறிய, சராசரி ஈட்டத்தை அதன் திட்ட விலக்கத்தால் வகுத்துக் கிடைக்கும் ஷார்ப் விகிதத்தையும் அதன் 95% நம்பிக்கை இடைவெளியையும் பூட்ஸ்ட்ராப் வழியே தொடக்கம் முதலே கணக்கிட்டு வந்தேன். கையில் இருக்கும் வாரங்களிலிருந்தே ஒவ்வொன்றாகக் குலுக்கி எடுத்துத் திருப்பிப் போட்டு, அதே எண்ணிக்கையில் பத்தாயிரம் மறுமாதிரிகள் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் விகிதத்தைக் கணக்கிட்டு, இரு ஓரங்களிலும் 2.5 விழுக்காட்டை வெட்டிவிட்டால் மிஞ்சுவதே இடைவெளி. நிரல் இவ்வளவுதான், `r` என்பது ஆபத்தற்ற வட்டியைக் கழித்த பின்னான வார ஈட்டங்களின் வரிசை.

```python
import numpy as np
rng = np.random.default_rng(7)
def sharpe(x):
    return x.mean(-1) / x.std(-1, ddof=1)
b = sharpe(rng.choice(r, size=(10000, len(r))))
print(np.percentile(b, [2.5, 97.5]) * 52**0.5)
```

முதலில் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பொசிஷனையும் தனி வரியாகப் பதிவு செய்தேன். ஒரே வாரத்தில் நிஃப்டியிலும் பேங்க் நிஃப்டியிலும் விற்றால் அது இரண்டு வரி. சந்தை விழும் நாளில் அவை இரண்டும் சேர்ந்தே விழும் என்பதால் அவை இரண்டு தனித் தகவல்கள் அல்ல. ஆனால் பூட்ஸ்ட்ராப் அவற்றைத் தனித்தனியே குலுக்கி எடுப்பதால் இடைவெளி பொய்யாகச் சுருங்கியது. அதன்பின் கணக்கு முழுவதற்குமான வார லாப நஷ்டத்தை, வாரத் தொடக்கத்து மார்ஜின் தொகையால் வகுத்து, வாரத்துக்கு ஒரே எண் என வைத்துக்கொண்டேன். குறுகிய கணக்கு வைத்திருப்பவர்கள் வரிகளைக் கூட்டிக் காட்ட ஆசைப்படுவது இயல்பு என்றாலும், முதலில் விட வேண்டியது அந்த ஆசையைத்தான்.

2024 மே இறுதியில் 39 வாரங்கள் நிறைந்திருந்தன. வாரச் சராசரி 0.60%, திட்ட விலக்கம் 0.90%, ஆகவே வார ஷார்ப் 0.67, ஆண்டுக்கு மாற்றினால் 4.8. இடைவெளி ஏறத்தாழ 2.3 முதல் 7.3 வரை. அகலமாக இருந்தாலும் கீழ் எல்லை சுழியத்துக்கு வெகு மேலே இருந்ததால், முறை நிரூபணமாகிவிட்டது என்றே எண்ணினேன். ஜூன் 4, 2024 அன்று தேர்தல் முடிவுகள் வெளிவந்தபோது நிஃப்டி ஒரே நாளில் 5.9% வீழ்ந்தது. அந்த வாரம் எனக்கு மார்ஜினில் 11% நஷ்டம்.

நாற்பதாவது வாரத்தைச் சேர்த்தபின் சராசரி 0.31% ஆகவும், திட்ட விலக்கம் 2.04% ஆகவும், ஆண்டு ஷார்ப் 1.1 ஆகவும் மாறின. இதில் வியப்பில்லை. வியக்க வைத்தது புதிய இடைவெளிதான்: சுமார் −0.8 முதல் 6.7 வரை. விகிதம் கால் பங்குக்கும் கீழே இறங்கியிருக்க, மேல் எல்லை மட்டும் ஏன் பெரிதாக அசையவில்லை? விடை தெரிந்தது பத்தாயிரம் மதிப்புகளையும் படமாக வரைந்து பார்த்தபோதுதான். ஒரே மேடு இருக்க வேண்டிய இடத்தில் 4.8 அருகே ஒன்று, 1.1 அருகே ஒன்று, சுழியத்தை ஒட்டி இன்னொன்று என மேடுகள் பிரிந்து நின்றன.

நாற்பது வாரங்களில் குறிப்பிட்ட ஒரு வாரம் மறுமாதிரியில் ஒரு முறைகூட விழாமல் போவதற்கான வாய்ப்பு (1 − 1/40)⁴⁰, அதாவது 36%. எனவே மூன்றில் ஒரு மறுமாதிரிக்கும் மேல், அந்த வீழ்ச்சியே நடக்காத உலகைக் காட்டுகிறது. அந்த மேடுதான் மேல் எல்லையைப் பிடித்து வைத்திருக்கிறது. இன்னொரு 37% மறுமாதிரிகளில் நஷ்டம் ஒரு முறையும், ஏறத்தாழ 19% மறுமாதிரிகளில் இரு முறையும் வருகிறது. ஆகவே அந்த இடைவெளி என் முறையைப் பற்றிய அளவீடு அல்ல, ஒரே ஒரு வாரம் குலுக்கலில் எத்தனை முறை விழுந்தது என்பதன் அளவீடு. இரு எல்லைகளை மட்டும் அச்சிட்டுப் பார்த்திருந்தால் இது கண்ணில் படவே பட்டிருக்காது. ஆகவே குறுகிய கணக்குள்ளவர் எவரும் முதலில் படத்தை வரைந்துவிட்டு அப்புறம் எண்ணைப் பார்ப்பது நல்லது.

சாய்வைத் திருத்தும் `BCa` முறையையும் முயன்றேன். `scipy.stats.bootstrap` இயல்பாக அதையே பயன்படுத்துகிறது. ஆனால் அந்தத் திருத்தத்தின் ஒரு பகுதி, ஒவ்வொரு வாரத்தையும் நீக்கிப் பார்த்தால் விகிதம் எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்தே நிர்ணயிக்கப்படுகிறது. என் கணக்கில் ஒரு வாரத்தை நீக்கினால் 1.1 என்பது 4.8 ஆகிறது, மற்றவற்றை நீக்கினால் பெரிதாக எதுவும் ஆவதில்லை. அந்த ஒற்றை வாரத்தின் மேல் நிற்கும் திருத்தத்தை நம்ப எனக்கு மனம் வரவில்லை. அடுத்தடுத்த வாரங்களைத் தொகுதியாக எடுக்கும் முறைக்கும் நாற்பது வாரம் போதாது; நான்கு வாரத் தொகுதி என்றால் ஒன்றையொன்று தொடாத தொகுதிகள் பத்துதான் தேறும்.

இதைவிட முக்கியமானது, நஷ்டம் வருவதற்கு முன் பார்த்த அந்த 2.3 முதல் 7.3 வரையிலான இடைவெளி. நான் நிரலில் பிழை செய்யவில்லை. பூட்ஸ்ட்ராப் கையில் உள்ள வாரங்களை மட்டுமே மீண்டும் மீண்டும் அடுக்கும். பார்க்காத வாரத்தை அதனால் உண்டாக்க முடியாது. சிறிய லாபங்களைச் சேர்த்து எப்போதாவது பெரிதாக இழக்கும் முறையில், பெரிய இழப்பு இன்னும் வராத கணக்கே மிக அழகான இடைவெளியைத் தரும்.

ஆனால் அதே 39 வாரங்களை வைத்து வேறொரு கேள்வி கேட்டிருக்கலாம். சந்தை 6% நகர்ந்தால் என் பொசிஷன் எவ்வளவு இழக்கும் என்பதை ஸ்ட்ரைக் விலைகளை வைத்தே முன்கூட்டிக் கணக்கிட முடியும். விடை 11% அருகில்தான் வந்திருக்கும். நல்ல வாரத்தில் 0.6% கிடைத்து, கெட்ட வாரத்தில் 11% போகிறது என்றால், 0.6 ஐ 11.6 ஆல் வகுக்க, வாரத்துக்கு 5.2% வாய்ப்பில் லாபமும் நஷ்டமும் சமமாகிவிடும். கெட்ட வாரமே வராத 39 வாரங்கள், அத்தகைய வாரத்தின் வாய்ப்பு எவ்வளவுக்கு மேல் இருக்க முடியாது என்று சொல்கின்றன? மூன்றை வாரங்களின் எண்ணிக்கையால் வகுக்கும் எளிய விதிப்படி 95% நம்பிக்கையில் 7.7%. அதாவது என் மாசற்ற கணக்கு, லாபமே தராத ஒரு முறையைக்கூட விலக்கவில்லை. 5.2% வாய்ப்பு உண்மையாகவே இருந்தாலும் 39 வாரமும் தப்பிக்க 12% இடம் உண்டு. எட்டு பேரில் ஒருவருக்கு வாய்க்கும் அதிர்ஷ்டம் அது.

இன்றும் பூட்ஸ்ட்ராப்பை நிறுத்தவில்லை. லாபமும் நஷ்டமும் ஒத்த அளவில் வரும் என் ஃபியூச்சர்ஸ் கணக்கில் மேடு ஒன்றாகவே இருக்கிறது. அங்கே அதை நம்புகிறேன். ஆப்ஷன் விற்பனையில் மட்டும் மேற்சொன்ன கணக்கை முதலில் போடுகிறேன். இப்போது தூரத்து ஸ்ட்ரைக்குகளில் கால் ஆப்ஷனையும் புட் ஆப்ஷனையும் வாங்கி வைப்பதால், வார லாபம் 0.35% ஆகக் குறைந்தாலும் மோசமான வாரத்தின் இழப்பு 4% அளவில் நிற்கிறது. சமநிலை வாய்ப்பு 8% ஆக உயர்ந்துவிட்டதால், அதே 39 சுத்தமான வாரங்கள் இந்த அமைப்பில் அந்த எல்லையை மயிரிழையில் தாண்டுகின்றன.