உச்சத்தின் உயரமா, கட்டத்தின் சரிவா? குறைந்த தணிப்புள்ள அமைப்பின் போடே வரைபடத்தை வாசிக்க இரு வழிகள்

சிங்கப்பூரின் துவாஸில் உள்ள ஒரு தொழிற்கூடத்தில், தட்டுகளைத் தூக்கி வைக்கும் நீண்ட அலுமினியக் கரம் ஒன்றின் போடே வரைபடத்தை, அதாவது அதிர்வெண் மாற மாற அசைவின் வீச்சை மேலேயும் அது உந்துதலுக்குப் பின்தங்கும் கோணமான கட்டத்தைக் கீழேயும் காட்டும் வரைபடத்தை, நானும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த ஓர் இளைஞரும் பார்த்துக்கொண்டிருந்தோம். "அண்ணா, உச்சம் 26.6 டெசிபல் காட்டுகிறது. அப்படியென்றால் தணிப்பு விகிதம் 0.023 தானே?" என்று அவர் கேட்டார். அவர் போட்ட கணக்கில் பிழை இல்லை. ஆனால் அதே திரையில் கீழே ஓடிய கட்டக் கோட்டைக் கொண்டு நான் கணக்கிட்டபோது 0.020 வந்தது. ஒரே அளவீட்டிலிருந்து எடுத்த இரண்டு விடைகளும் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு வேறுபட்டன. அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதையும், எந்த வாசிப்பை எப்போது நம்பலாம் என்பதையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

கரத்தின் முதல் அதிர்வு முறையை மட்டும் எடுத்துக்கொண்டால் அது ஓர் இரண்டாம் படி அமைப்பு. கணக்கு தெளிவாக இருக்க, இயல் அதிர்வெண் fn = 20 ஹெர்ட்ஸ், தணிப்பு விகிதம் ζ = 0.02 என்றே கொள்வோம். தாழ்ந்த அதிர்வெண்ணில் உள்ள அடிமட்டத்தோடு ஒப்பிட்டால் உச்சம் 1/(2ζ√(1−ζ²)) மடங்கு உயரும். தணிப்பு இவ்வளவு குறைவாக இருக்கும்போது அதை 1/(2ζ) என்றே எழுதிவிடலாம். நம் கரத்துக்கு அது 25 மடங்கு, அதாவது ஏறத்தாழ 28 டெசிபல். உச்சம் நிற்கும் இடம் fn√(1−2ζ²), அதாவது 19.992 ஹெர்ட்ஸ். இயல் அதிர்வெண்ணிலிருந்து அது விலகும் தூரம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது.

கட்டக் கோடு வேறு விதமாகப் பேசுகிறது. தணிப்பு எவ்வளவாக இருந்தாலும் இயல் அதிர்வெண்ணில் கட்டம் மிகச் சரியாக −90 பாகையாக இருக்கும். தணிப்பைச் சொல்வது அந்த இடத்தில் கோடு விழும் செங்குத்துதான். அதன் சரிவு ஒரு ஹெர்ட்ஸுக்கு 1/(ζfn) ரேடியன். நம் கரத்தில் அது 2.5 ரேடியன், அதாவது ஏறக்குறைய 143 பாகை. இந்தச் சரிவையே கோண அதிர்வெண்ணின் அலகில் எழுதினால் 1/(ζωn) என்று வரும், அதன் மதிப்பு 0.4 வினாடி. கரத்தைத் தட்டிவிட்டால் அதன் அதிர்வு தேய்ந்து மறையும் கால மாறிலியும் இதே 0.4 வினாடிதான். எனவே கட்டம் செங்குத்தாக விழுவதும், தட்டிய கரம் நெடுநேரம் ஆடிக்கொண்டிருப்பதும் ஒரே பண்பின் இரண்டு தோற்றங்கள். பாடநூல்கள் பல இந்த உறவைச் சொல்லாமலே கடந்துபோவது எனக்கு எப்போதும் குறையாகவே பட்டிருக்கிறது.

முதலில் உச்சத்தின் உயரத்தைப் பார்ப்போம். எங்கள் பகுப்பாய்வுக் கருவி அன்று 0.5 ஹெர்ட்ஸ் இடைவெளியில் புள்ளிகளை எடுத்திருந்தது. மடக்கை அளவில், அதிர்வெண் பத்து மடங்காவதற்குள் 100 புள்ளிகள் என்று அமைத்தாலும் 20 ஹெர்ட்ஸ் அருகே இடைவெளி 0.46 ஹெர்ட்ஸாகவே இருக்கும் என்பதால், இது அசாதாரணமான அமைப்பு அல்ல. உச்சத்தின் இருபுறமும் விழுந்த புள்ளிகள் 19.75, 20.25 ஹெர்ட்ஸ். சூத்திரத்தில் இட்டுப் பார்த்தால் முதல் புள்ளியில் பெருக்கம் 21.4 மடங்கு, இரண்டாவதில் 21.0 மடங்கு. உண்மையான முனை 25 மடங்கு உயரத்தில் இரண்டுக்கும் நடுவே இருக்கிறது, ஆனால் அந்த இடத்தை யாரும் அளக்கவில்லை. திரையில் தெரியும் முனை மென்பொருள் இரண்டு புள்ளிகளை இணைத்து வரைந்த மொட்டைத் தலை. அதை உச்சமாகக் கொண்டதால்தான் 26.6 டெசிபலும் 0.023 என்ற விடையும் வந்தன. இந்தப் பிழை எப்போதும் ஒரே பக்கமாகச் சாயும் என்பது முக்கியம். தவறவிட்ட முனை தணிப்பை மிகுத்துக் காட்டுமே தவிர ஒருபோதும் குறைத்துக் காட்டாது. கட்டுப்பாட்டு வளையத்தை வடிவமைப்பவருக்கு அது ஆபத்தான பக்கம், ஏனெனில் இல்லாத தணிப்பை இருப்பதாக நம்பிப் பெருக்கத்தை ஏற்றிவிடுவார்.

உயர வாசிப்புக்கு இன்னொரு சார்பும் உண்டு. உயரம் என்பது எப்போதும் ஒரு தரையிலிருந்து அளக்கப்படுவது, இங்கே தரை என்பது தாழ்ந்த அதிர்வெண்ணில் உள்ள அடிமட்டம். அங்கே கரம் அசைவது மிகச் சிறிது என்பதால் உணரியின் இரைச்சலே அளவீட்டில் ஓங்கி நிற்கும். அழுத்தமின் முடுக்க உணரியைப் பயன்படுத்தினால் மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் அதன் பதிலே தேய்ந்துவிடும். அடிமட்டத்தை ஒரு டெசிபல் தவறாக வாசித்தால் தணிப்பு விகிதம் 12 விழுக்காடு தவறும். முனை எவ்வளவு துல்லியமாக அளக்கப்பட்டிருந்தாலும் இந்தப் பிழை குறையாது. மூன்று டெசிபல் அகலத்தைக் கொண்டு வாசிக்கும் வழக்கமான முறைக்கு அடிமட்டம் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் நம் கரத்தில் அந்த அகலம் 2ζfn, அதாவது 0.8 ஹெர்ட்ஸ் மட்டுமே. அதற்குள் இரண்டே புள்ளிகள் இருக்கும்போது அகலத்தை எங்கிருந்து அளப்பது?

இப்போது அதே இரண்டு புள்ளிகளில் கட்டத்தைப் பார்ப்போம். இளைஞரிடம் இருந்தது, அளவீட்டுத் தாமதத்தை நான் ஏற்கெனவே கழித்துவைத்த கோப்பு. அதில் 19.75 ஹெர்ட்ஸில் −57.8 பாகை, 20.25 ஹெர்ட்ஸில் −121.8 பாகை. இரண்டையும் நேர்கோட்டால் இணைத்தால் சரிவு ஒரு ஹெர்ட்ஸுக்கு 128 பாகை, அதிலிருந்து ζ = 0.0224. இதுவும் தவறுதான், ஆனால் இதைத் திருத்த வழி இருக்கிறது. கட்டம் வளைந்து விழுகிறது என்றாலும் அதன் கோடேன்ஜென்ட் இயல் அதிர்வெண் அருகே கிட்டத்தட்ட நேர்கோடாகவே ஓடும். ஆகவே பாகைகளை விட்டுவிட்டு அவற்றின் கோடேன்ஜென்ட்டை எடுக்க வேண்டும்:

```
x = cot(-φ)
x1 = cot(57.8°)  =  0.630
x2 = cot(121.8°) = -0.620
fn ≈ f1 + (f2 - f1) * x1 / (x1 - x2) = 20.00
ζ  ≈ (f2 - f1) / (fn * (x1 - x2))    = 0.020
```

முனையைத் தொடாத இரண்டே புள்ளிகளிலிருந்து, அடிமட்டத்தை ஒருமுறைகூடப் பாராமல், இயல் அதிர்வெண்ணும் தணிப்பும் இரண்டுமே கிடைத்துவிட்டன. உயர வாசிப்பை இந்த இடத்தில் கட்ட வாசிப்பு தெளிவாக வென்றுவிடுகிறது. மேலும், இவ்விரு புள்ளிகளும் கரம் நன்றாக அசையும் இடத்தில் இருப்பதால் சமிக்ஞை இரைச்சலைவிடப் பல மடங்கு பெரிது.

கட்ட வாசிப்பு தோற்கும் இடமும் உண்டு. அதைப் பார்க்க, தாமதம் கழிக்கப்படாத மூலக் கோப்பைத் திறக்க வேண்டியிருந்தது. உணரி தன் அளவுகளைச் சராசரியாக்கும் நேரமும் கட்டுப்பாட்டுப் பெட்டி மாதிரியெடுக்கும் நேரமும் சேர்ந்து 5 மில்லிவினாடி தாமதம் இருந்தது. தாமதம் வீச்சைத் தொடுவதே இல்லை, ஆகவே மேலே உள்ள வளைகோடு அப்படியே இருக்கும். கட்டத்திலோ ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் 1.8 பாகை கூடுதலாக இறங்கும். சரிவோடு ஒப்பிட்டால் அது அற்பம். ஆனால் 20 ஹெர்ட்ஸை எட்டும்போது அது 36 பாகையாகச் சேர்ந்துவிடுகிறது. விளைவாக, திரையில் கோடு −90 பாகையைக் கடக்கும் இடம் 19.72 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிட்டது. அந்தப் பொய்யான இடத்தில் சரிவு ஒரு ஹெர்ட்ஸுக்கு 98 பாகை மட்டுமே. "−90 பாகையில் சரிவை எடு" என்ற விதியை அப்படியே பின்பற்றியவருக்கு ζ = 0.030 கிடைக்கும். உயர வாசிப்பில் நேர்ந்த பிழையின் மூன்று மடங்கு இது.

ஆனால் இந்தத் தவறு தன்னையே காட்டிக்கொடுக்கும். தணிப்பு 0.02 அளவில் இருக்கும்போது உச்சம் நிற்கும் இடமும் −90 பாகையைக் கடக்கும் இடமும் நூறில் ஒரு ஹெர்ட்ஸுக்குள் பொருந்த வேண்டும். அவை 0.28 ஹெர்ட்ஸ் விலகி நின்றால் அது கரத்தின் குணமாக இருக்க முடியாது, அளவீட்டுச் சங்கிலியில் எங்கோ தாமதம் இருக்கிறது. அதை அளப்பதும் எளிது. 5 ஹெர்ட்ஸில் கரம் தரவேண்டிய கட்டம் முக்கால் பாகைக்கும் குறைவு, ஆனால் திரையில் ஒன்பதரைப் பாகைக்கு மேல் இறங்கியிருந்தது. மிகுதியான 9 பாகையை 5 ஹெர்ட்ஸால் வகுத்தால் 1.8 பாகை வந்துவிடுகிறது. கழிக்க விருப்பமில்லாவிட்டாலும், −90 பாகையைத் தேடாமல் கோடு மிகச் செங்குத்தாக விழும் இடத்தைத் தேடி அங்கே சரிவை எடுத்தால் 145 பாகை கிடைக்கும், விடையில் பிழை ஒரு விழுக்காடுதான். அதற்கு மட்டும் நெருக்கமான புள்ளிகள் வேண்டும்.

மூலக் கோப்பில் இளைஞரை உண்மையில் குழப்பியது வேறொன்று. 20.5 ஹெர்ட்ஸைத் தாண்டியவுடன் கட்டக் கோடு சட்டென்று திரையின் அடியிலிருந்து உச்சிக்குத் தாவியது. ஒத்ததிர்வின் திடீர் மாற்றம் இதுதான் என்று அவர் எண்ணிவிட்டார். அது 360 பாகைத் தாவல், மென்பொருள் −180 பாகையை எட்டியதும் +180 என்று எழுதும் வழக்கத்தால் வருவது. தாமதத்தின் 37 பாகையும் கரத்தின் 143 பாகையும் சேர்ந்து அந்த எல்லையைத் தொட்ட இடம், தற்செயலாக ஒத்ததிர்வுக்கு மிக அருகில் விழுந்திருந்தது. உண்மையான சரிவு கீழ்நோக்கியது, முழுவதுமாக 180 பாகை மட்டுமே, எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் புள்ளிகளைக் கூட்டினால் வளைவாக விரிந்து தெரியும். தாவலோ எத்தனை புள்ளிகள் கூட்டினாலும் தாவலாகவே நிற்கும். பைத்தானில் `np.unwrap` கட்டளையை, பாகைகளுக்கு ஏற்ப `period=360` என்று கொடுத்துப் போட்டதும் அது மறைந்தது.

ஆகவே என் தேர்வு இதுதான்: ஒத்ததிர்வு எங்கே இருக்கிறது என்பதற்கு உச்சத்தையும், தணிப்பு எவ்வளவு என்பதற்குக் கட்டத்தையும் கேட்பேன், இரண்டும் இடத்தில் உடன்படாவிட்டால் தாமதத்தைக் கழித்த பிறகே மேலே செல்வேன். தணிப்பு விகிதம் 0.3 போல உயர்ந்துவிட்டால் இந்த முன்னுரிமை மாறும். அங்கே கட்டம் மெதுவாக வழிவதால் கோடேன்ஜென்ட் நேர்கோடு என்ற தோராயம் நிற்காது, உச்சமும் அகன்று மழுங்கியிருப்பதால் புள்ளிகளுக்கு நடுவே தவறிப்போகாது. 0.707 ஐத் தாண்டினால் உச்சமே இராது.

அன்று மாலை இளைஞருக்கு இன்னும் ஐயம் இருந்ததால், இயக்கியை நிறுத்திவிட்டுக் கரத்தின் முனையை விரலால் தட்டச் சொன்னேன். அலைகாட்டியில் ஆட்டத்தின் உறை 37 விழுக்காடாகத் தேய எட்டு அலைவுகள் ஆயின. 20 ஹெர்ட்ஸில் எட்டு அலைவுகள் என்றால் 0.4 வினாடி.