பெரிதாக்கும் வேலை யாருக்கு: பெட்டிக்கா, டிவிக்கா?

32 அங்குல டிவியைக் கழற்றி அந்த இடத்தில் 55 அங்குல 4கே டிவியை மாட்டிய அன்று அம்மா சீரியல் போட்டுப் பார்த்துவிட்டு, "பழசே தெளிவா இருந்துச்சேடா" என்றார். நான் மறுக்கவில்லை. அவர் சொன்னது உண்மைதான்.

அம்மா பார்ப்பவை பெரும்பாலும் சாதாரண எஸ்டி சேனல்கள். அதில் வரும் படம் 720க்கு 576 புள்ளிகள். 4கே திரையில் இருப்பவை 3840க்கு 2160. பெருக்கிப் பார்த்தால் சரியாக இருபது மடங்கு. அதாவது, சேனல் அனுப்பும் ஒவ்வொரு புள்ளிக்கும் யாராவது பத்தொன்பது புள்ளிகளை ஊகித்து நிரப்ப வேண்டும். நிரப்புவது யார் என்பதில்தான் நமக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன: செட்டாப் பாக்ஸ், அல்லது டிவிக்குள் இருக்கும் அப்ஸ்கேலர்.

எச்டி சேனலுக்கு இந்தக் கவலை பெரிதாக வேண்டாம். 1080 வரியை 2160 ஆக்குவது நேராக இரண்டு மடங்கு. விலை குறைந்த டிவியும் அதை ஒழுங்காகச் செய்துவிடும். சிக்கலெல்லாம் எஸ்டியில்தான்.

பெரும்பாலான பெட்டிகளில் வீடியோ அவுட்புட் 1080i என்று வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் எஸ்டி படத்தைப் பெட்டியே 1080க்கு இழுத்து அனுப்பும். டிவியோ தனக்கு வந்தது எச்டி என்று நம்பி, அதை மறுபடி 2160க்கு இழுக்கும். பெட்டியில் இருப்பது மலிவான சில்லு. அது முதல் சுற்றில் செய்த தவறை, இரண்டாவது சுற்றில் டிவி விசுவாசமாகப் பெரிதாக்கித் தருகிறது. நான் பெட்டியின் அமைப்பில் Native என்ற தேர்வைக் கண்டுபிடித்து மாற்றினேன். அதன்பின் சேனல் எப்படி வருகிறதோ அப்படியே டிவிக்குப் போகிறது. டிவி ரிமோட்டில் தகவல் பொத்தானை அழுத்தினால் மூலையில் 576i என்று காட்டும். 1080i என்று காட்டினால் பெட்டி இன்னும் கை வைக்கிறது என்று அர்த்தம்.

வித்தியாசம் செய்தி சேனலின் கீழே ஓடும் எழுத்துகளில் நன்றாகத் தெரிந்தது. பெட்டி பெரிதாக்கியபோது எழுத்துகளின் ஓரம் சீப்புப் பல் மாதிரி பிசிறடித்தது. டிவியிடம் விட்டதும் பிசிறு பெருமளவு போய்விட்டது. எழுத்து கொஞ்சம் மெத்தென்று இருந்தாலும் கண்ணை உறுத்தவில்லை. என் ஓட்டு டிவிக்கே.

ஆனால் அப்ஸ்கேலரை மாற்றியதைவிடப் பெரிய பலன் வேறு ஒன்றில் கிடைத்தது: ஷார்ப்னஸ். இந்த ஒரு விஷயத்தைச் சரி செய்யாவிட்டால், மேலே சொன்ன வழிகளில் எதைத் தேர்ந்தாலும் பாதி வீண்.

பெயரைப் பார்த்து, இதைக் கூட்டினால் தெளிவு கூடும் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்தக் கருவி படத்தில் இல்லாத ஒரு நுணுக்கத்தையும் கொண்டுவருவதில்லை. கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் ஓரத்தைத் தேடிப் பிடித்து, கறுப்புப் பக்கத்தை இன்னும் கறுப்பாகவும் வெள்ளைப் பக்கத்தை இன்னும் வெள்ளையாகவும் ஆக்குகிறது. அதனால் ஓரத்தை ஒட்டி ஒரு மெல்லிய வெண்கோடு விழுகிறது. எஸ்டி படத்தில் ஓரம் ஏற்கெனவே இழுபட்டு அகன்று கிடப்பதால், அந்தக் கோடும் அகன்று, வெளிர் சுவர் முன் நிற்கிற ஆளைச் சுற்றி ஒளிவட்டம் போலத் தெரியும். சாமி படத்துக்கு அழகு. சீரியல் மாமியாருக்கு அல்ல.

அதைவிட மோசமானது சுருக்கத்தால் வரும் குப்பை. எஸ்டி சேனல்களை நெருக்கிச் சுருக்கி அனுப்புவதால் தலைமுடி, நகை, எழுத்து ஆகியவற்றின் ஓரத்தில் பொடிப்பொடியாக ஏதோ நடுங்கும். இந்தத் துறையில் அதைக் கொசு இரைச்சல் என்றே சொல்வார்கள். பார்த்தாலும் கொசு மொய்ப்பது போலத்தான் இருக்கும். ஷார்ப்னஸுக்கு ஜிமிக்கியின் ஓரமும் கொசுவின் ஓரமும் ஒன்றுதான். இரண்டையும் தூக்கிக் காட்டும்.

சரியான அளவைக் கண்டுபிடிக்க எண்ணை மட்டும் நம்பக் கூடாது, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கணக்கு. சோனியில் நூறுக்கு 50 வைத்தால்தான் எதுவும் சேர்க்காத நிலை. அதற்குக் கீழே போனால் படம் மங்கும். வேறு சிலவற்றில் பூஜ்யமே அந்த நிலை. நான் செய்தது இது: வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்து வரும் காட்சியில் படத்தை நிறுத்தி, ஷார்ப்னஸை உச்சத்துக்கு ஏற்றினேன். எழுத்தைச் சுற்றி வெண்கோடு பளிச்சென்று தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் குறைத்து, கோடு மறைந்த இடத்தில் நிறுத்தினேன். இருபது வரை போகும் என் டிவியில் கடைக்காரர் Vivid முறையில் விட்டுச் சென்றது 12; கோடு மறைந்தது 3இல். இன்னொன்று, பல டிவிகள் ஒவ்வொரு HDMI நுழைவுக்கும் ஒவ்வொரு படமுறைக்கும் இந்த எண்ணைத் தனித்தனியாக நினைவில் வைக்கும். பெட்டி செருகிய நுழைவில் மாற்றிவிட்டு, செயலிகளிலும் மாறிவிட்டதாக நினைத்துவிடாதீர்கள்.

முதல் இரண்டு நாள் எல்லாம் மங்கியது போலத் தோன்றும். அம்மாவும் முகம் சுளித்தார். ஒரு வாரம் கழித்து, வேண்டுமென்றே பழைய 12க்கு மாற்றிக் காட்டினேன். "என்னடா கோடு கோடா இருக்கு" என்று அவரே சொன்னார்.

எஸ்டிக்கு மட்டும், அந்தக் கொசு இரைச்சலைத் தணிக்கும் MPEG இரைச்சல் குறைப்பை Low வைத்திருக்கிறேன். அதற்கு மேல் ஏற்றினால் முகமெல்லாம் மெழுகு பூசியது போலாகிறது.

அப்புறம் மோஷன் ஸ்மூத்திங். எல்ஜியில் TruMotion, சோனியில் Motionflow என்று பெயர் மாறும். இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே இல்லாத ஃபிரேமை டிவி கற்பனை செய்து செருகுகிறது. நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த சினிமா இதனால் மேடை நாடகத்தை வீடியோ எடுத்தது போல ஆகிவிடுகிறது. இதை அணைத்துவிடுங்கள் என்று 2018 டிசம்பரில் டாம் குரூஸே ஒரு வீடியோ வெளியிட்டார். மறு வருடம் இதையெல்லாம் அணைத்துவைக்கும் Filmmaker Mode அறிவிக்கப்பட்டது. உங்கள் டிவியில் அது இருந்தால் சினிமாவுக்கு அதைப் போட்டால் போதும்.

கிரிக்கெட்டுக்கு வேண்டும் என்பார்கள். இங்கே ஒளிபரப்பு நொடிக்கு 50 அரைப்படங்களாக, அதாவது ஒன்றுவிட்டு ஒரு வரி மட்டும் உள்ள படங்களாக வருகிறது. டிவி அதை ஒழுங்காகக் கோத்தாலே அசைவு வழுக்கிக்கொண்டு போகும். மேலும் இட்டு நிரப்பும்போது என் டிவியில் வேகமாகப் போகிற பந்து சில நேரம் நடுவழியில் காணாமல் போய்விட்டு எல்லைக்கோட்டருகே முளைத்தது. அதனால் அங்கேயும் அணைத்துவிட்டேன். இது 60 ஹெர்ட்ஸ் பேனலில் பார்த்ததை வைத்துச் சொல்வது. நண்பர் வீட்டு 120 ஹெர்ட்ஸ் ஓலெட் டிவியில் ஒரே ஒரு ஆட்டம் பார்த்தேன். சினிமாவில் கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது வரும் திக்கலுக்கு அவர் De-Judder-ஐ 2இல் வைத்திருந்தார். மோசமாக இல்லை, ஆனால் ஒரு மாலையை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

பெட்டியை Native-இல் வைப்பதில் ஒரு தொல்லை உண்டு. எஸ்டியிலிருந்து எச்டிக்கு மாறும்போதெல்லாம் டிவி புதிய சிக்னலோடு ஒத்துப்போக இரண்டு மூன்று நொடி திரை கறுத்துப்போகிறது. அம்மா எஸ்டிக்குள்ளேயே சுற்றுவதால் அவருக்கு இது கண்ணில் படவில்லை. Native இல்லாத பெட்டி என்றால், எச்டி சேனல் எதுவும் வாங்காத வீட்டில் 576இலேயே நிறுத்தலாம். வாங்கியிருந்தால் 1080i தவிர வழியில்லை. அப்போது ஷார்ப்னஸைக் குறைப்பது ஒன்றுதான் கையில் மிச்சம்.

அப்பாதான் இன்னும் சமாதானமாகவில்லை. விளம்பர இடைவேளையில் செய்திக்குப் போய்விட்டு எச்டி கிரிக்கெட்டுக்குத் திரும்புவது அவர் வழக்கம். "உன் தெளிவு யாருக்குடா வேணும், ஓவரோட முதல் பந்து போயிடுது" என்கிறார்.