சென்னை – டெல்லி: விமானமா, தமிழ்நாடு எக்ஸ்பிரஸா?

விமானத்தில் மூன்று மணி நேரம், ரயிலில் முப்பத்து மூன்று மணி நேரம். சென்னையிலிருந்து டெல்லி போவதைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் சொல்லும் கணக்கு இதுதான். இரண்டு எண்களும் சரியானவை. ஆனால் இவற்றை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முடிவு தப்பாகிவிடும். விமானத்தின் மூன்று மணி நேரத்தில் வீட்டிலிருந்து விமான நிலையம் போகும் நேரம் இல்லை. ரயிலின் முப்பத்து மூன்றில் இரண்டு இரவுத் தூக்கம் கலந்திருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த ஒரு வழி உண்டு: வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து போய்ச் சேரும் இடம் வரை, விழித்திருக்கும் நேரத்தில் எவ்வளவு பயணத்துக்குப் போகிறது என்று மட்டும் எண்ணுவது.

ஒரு ஆளை எடுத்துக்கொள்வோம். வீடு பெரம்பூரில். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு டெல்லி கரோல் பாக் பக்கத்தில் ஒரு வேலை.

ரயிலில் போனால், புதன்கிழமை இரவு பத்து மணிக்கு சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் கிளம்புகிறது. எட்டே முக்காலுக்கு வீட்டை விட்டால் போதும். விஜயவாடா, வாரங்கல், நாக்பூர், போபால் என்று ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர் ஓடி, வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணியளவில் புது டெல்லி சேரும். அங்கிருந்து கரோல் பாக் ஆட்டோ தூரம்தான். ஏழேகாலுக்குள் போய்விடலாம். மொத்தம் முப்பத்து நாலரை மணி நேரம். அதில் இரண்டு இரவும் படுத்துத் தூங்கியது பதினாறரை மணி நேரம் என்றால், மிச்சம் பதினெட்டு மணி நேரம்தான் பயணத்துக்குக் கொடுத்த விழிப்பு நேரம். வியாழக்கிழமை முழுக்கப் போகிறது, அவ்வளவே.

விமானத்தில் போனால், வியாழக்கிழமை மாலை நான்கு மணி விமானம் என்று வைத்துக்கொள்வோம். உள்நாட்டு விமானங்களுக்குப் பெட்டி வாங்கும் கவுன்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும். பாதுகாப்புச் சோதனை வரிசை எவ்வளவு நீளம் என்பது அன்றைய அதிர்ஷ்டம். ஆகவே இரண்டு மணிக்காவது மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். பெரம்பூரிலிருந்து சென்ட்ரல் வரை ஆட்டோ, பிறகு மெட்ரோவில் முக்கால் மணி நேரத்துக்கு மேல். பன்னிரண்டரைக்கே கிளம்ப வேண்டும். ஏழுக்குச் சற்று முன்பு டெல்லியில் தரை தொடும். இறங்கிய பிறகும் விமானம் ஓடுபாதையிலிருந்து நிற்கும் இடம் வரை ஊர்ந்து போக நேரம் எடுக்கும். பெட்டி வர இன்னும் இருபது நிமிடம். ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மெட்ரோ புது டெல்லிக்கு இருபது நிமிடத்தில் கொண்டுவிட்டாலும் கரோல் பாக் அறைக்குள் நுழையும்போது மணி எட்டரை. ஆக எட்டு மணி நேரம், அத்தனையும் விழித்தபடி.

முப்பத்து நாலரையில் எட்டைக் கழித்தால் வருவது இருபத்தாறரை. ஆனால் விமானம் உண்மையில் மிச்சப்படுத்தியது பதினெட்டுக்கும் எட்டுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது பத்து மணி நேரம். இதுவும் சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் இருபத்தாறரைக்குப் பணம் கொடுப்பதும் பத்துக்குக் கொடுப்பதும் ஒன்றல்லவே.

இனி செலவு. ரயிலில் மூன்றடுக்கு ஏசி, விமானத்தில் ஒன்றரை மாதம் முன்பு எடுத்த டிக்கெட் என்று கொள்கிறேன். கட்டணங்கள் தோராயமானவை. விமான விலை நாளுக்கு நாள் மாறும் என்பதால் உங்கள் தேதிக்கு உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

| | ரயில் (ரூ.) | விமானம் (ரூ.) |
|---|---|---|
| டிக்கெட் | 2,200 | 6,500 |
| சென்னையில் ஆட்டோ, மெட்ரோ | 200 | 240 |
| வழியில் சாப்பாடு | 600 | 300 |
| டெல்லியில் மெட்ரோ, ஆட்டோ | 150 | 150 |
| வியாழன் இரவு அறை | – | 2,000 |
| மொத்தம் | 3,150 | 9,190 |

பலர் மறந்துவிடுவது கடைசிக்கு முந்தைய வரியைத்தான். காலை வேலைக்கு விமானத்தில் போகிறவர் முந்தின நாளே போய் அறை எடுக்க வேண்டும். இல்லையென்றால் அதிகாலை விமானம் பிடிக்க இரவு இரண்டு மணிக்கு எழுந்து, மெட்ரோ ஓடாத நேரத்தில் டாக்சிக்கு அழ வேண்டும். ரயில்காரர் அந்த இரவைப் படுக்கையிலேயே கழித்துவிடுகிறார். குளித்து உடை மாற்ற நிலையத்து ஓய்வறைக்கோ காத்திருப்புக் கூடத்துக்கோ சில நூறு கொடுத்தால் தீர்ந்தது.

வித்தியாசம் சுமார் ஆறாயிரம். மிச்சமான விழிப்பு நேரம் பத்து மணி. அப்படியானால் ஒரு மணி நேரத்தை அறுநூறு ரூபாய்க்கு வாங்குகிறோம். மாதம் முப்பதாயிரம் சம்பளம் வாங்குகிறவருக்கு ஒரு நாள் ஊதியம் ஆயிரத்து இருநூறு அளவில் வரும். விமானத்தில் போனால் அவர் மிச்சப்படுத்துவது அரை நாள் விடுப்பு. அறுநூறு ரூபாய் மதிப்புள்ள அரை நாளுக்கு ஆறாயிரம் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. லட்ச ரூபாய் சம்பளக்காரருக்கே அரை நாள் இரண்டாயிரம்தான். சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், போகும் பயணத்தில் ரயில் எளிதாக ஜெயிக்கிறது.

ஆனால் திரும்பும் பயணத்துக்கு இதே கணக்கு பொருந்தாது. வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் விமானம் ஏறினால் நள்ளிரவுக்குள் வீடு, அறை வாடகை கிடையாது. சனி, ஞாயிறு இரண்டும் கையில். அன்றிரவு ரயில் ஏறினால் சனிக்கிழமை முழுக்க ரயிலில் கழிந்து ஞாயிறு காலையில்தான் சென்னை. இங்கே அறைச் செலவு இல்லாததால் வித்தியாசம் நாலாயிரமாகச் சுருங்கி, பதிலுக்கு ஒரு முழுச் சனிக்கிழமை கிடைக்கிறது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை வீண் செலவு என்று சொல்ல மாட்டேன். நம் உள்நாட்டு விமானங்களில் போக வர சேர்த்து எடுத்தால் பெரிய தள்ளுபடி எதுவும் பொதுவாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு வழிக்கும் தனி விலைதான். அதனால் ரயிலில் போய் விமானத்தில் திரும்புவதால் நஷ்டம் ஏதுமில்லை. போவதும் வருவதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று ஏனோ நாமாகவே முடிவு செய்துகொள்கிறோம்.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். அந்தப் பதினொரு மணி வேலை நேர்முகத் தேர்வாகவோ நீதிமன்ற ஆஜராகவோ இருந்தால், அன்று காலை சேரும் ரயிலை நம்ப வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் ஆக்ரா பக்கத்து மூடுபனியில் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாவது புதிதல்ல. விமானமும் அதே பனியில் மாட்டும். ஆனால் முந்தின நாள் மாலையே கிளம்புகிறவருக்கு ஓர் இரவு கையிருப்பு இருக்கிறது. தவற விடவே முடியாத வேலைக்கு அந்த ஆறாயிரம் ரூபாயை நேரத்தின் விலையாகப் பார்க்காமல் காப்பீட்டுத் தொகையாக எடுத்துக்கொள்ளலாம்.

குடும்பமாகப் போகும்போது கணக்கு இன்னும் ஒரு பக்கமாகச் சாய்கிறது. கணவன், மனைவி, எட்டு வயதுப் பையன், நாலு வயதுப் பெண் என்று கொள்வோம். ரயிலில் ஐந்து வயதுக்குக் கீழ் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் உள்ள பையனுக்குத் தனிப் படுக்கை வேண்டும் என்றால் முழுக் கட்டணம். ஆக மூன்று டிக்கெட், 6,600 ரூபாய். விமானத்திலோ இரண்டு வயது தாண்டிய குழந்தைக்கும் தனி இருக்கை, கட்டணமும் பெரியவர்களுக்குரியதுதான். நாலு டிக்கெட், 26,000. ஒரு வழிக்கே பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் வித்தியாசம். அதன் மேல் சுமை வேறு. மூன்றடுக்கு ஏசியில் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசம். விமானத்தில் வழக்கமாக 15 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும்தான், அதற்கு மேல் கிலோவுக்கு நூற்றுக்கணக்கில் கட்ட வேண்டும். பொடி, ஊறுகாய், அரிசி மூட்டையோடு மகள் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இது ஒன்றே முடிவைச் சொல்லிவிடும்.

முதியவர்கள் விஷயத்தில் மட்டும் நான் கட்சி மாறுவேன். மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. முழங்கால் வலி உள்ளவருக்கு ஓடும் ரயிலில் முப்பது மணி நேரம் கழிப்பறை போய் வருவதே ஒரு வேலை. கீழ்ப் படுக்கை கிடைக்கவில்லை என்றால் இன்னும் கஷ்டம். விமானத்தில் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிட்டால் வாசலிலிருந்து இருக்கை வரை அழைத்துப் போவார்கள்.

மேலே போட்ட அட்டவணை ஒரு நிபந்தனையில் நிற்கிறது: கையில் உறுதியான ரயில் டிக்கெட் இருக்க வேண்டும். காத்திருப்புப் பட்டியல் டிக்கெட்டுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. ஆன்லைனில் எடுத்தது பட்டியல் தயாரானபோதும் காத்திருப்பிலேயே இருந்தால் தானாக ரத்தாகிப் பணம் திரும்பும். அப்போது கடைசி நேர விமான விலை உங்களுக்காகக் காத்திருக்கும், அது 6,500 ஆக இருக்காது. தீபாவளி, பொங்கல் வாரங்களில் அது இரட்டிப்பாவதும் சாதாரணம். தட்கல் ஒரு வழிதான். ஏசி வகுப்புகளுக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்குத் திறக்கும். மூன்றடுக்கில் முந்நூறிலிருந்து நானூறு ரூபாய் கூடுதல், ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். சில நிமிடங்களில் தீர்ந்துவிடும் என்பதால் அதையே திட்டமாக வைத்துக்கொள்ள முடியாது.

தூரம் குறைந்தால் ரயிலின் பலம் கூடும். மதுரைக்கு எழும்பூரில் இரவு பாண்டியன் ஏறினால் விடியும் நேரத்தில் ஊர். விழிப்பு நேரத்தில் இழப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதே மதுரைக்கு விமானத்தில் போனால் ஒன்றேகால் மணி நேரப் பறப்புக்காகப் பகலில் ஐந்து மணி நேரம் போகும். அதிகப் பணம் கொடுத்து அதிக நேரத்தை இழப்பது இந்த ஒரு வகையில்தான் நடக்கும். கவுகாத்தி மாதிரி இரண்டு முழுப் பகலையும் விழுங்கும் தூரம் என்றால் தனி ஆளுக்கு விமானம்தான் சரி.

டெல்லி இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் நான் முடிவை உடனே எடுப்பதில்லை. ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் காலை எட்டு மணிக்குத் திறக்கும். அன்றே மூன்றடுக்கு ஏசி எடுத்து வைத்துவிடுவேன். நாள் நிறைய இருக்கும்போது ரத்து செய்தால் போவது இருநூறு ரூபாய் சுற்றித்தான். மலிவு விமான டிக்கெட்டை ரத்து செய்தால் பெரும்பகுதி போய்விடும், அதனால் வரிசை இப்படித்தான் இருக்க முடியும். பிறகு மூன்று வாரம் விமான விலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இருக்கைத் தேர்வு, இணையக் கட்டணம் எல்லாம் சேர்ந்து பணம் கட்டும் பக்கத்தில் தெரியும் கடைசித் தொகைதான் விலை, முதலில் காட்டுவது அல்ல. அது ஐந்தாயிரத்துக்குக் கீழே இறங்கினால் ரயிலை ரத்து செய்வேன். இறங்காவிட்டால் புதன் இரவு சென்ட்ரல்.