'டிரைவர் எங்க?': ஒரே ஜோக்கை எழுதியும் பேசியும் பார்த்த இரண்டு வருடம்

பகலில் பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரியில் ஜோக் எழுதுகிறேன். இரண்டு வருடமாக அதே ஜோக்குகளை என் குரலில் பேசி வீடியோவாகவும் போடுகிறேன். எழுத்தா, வீடியோவா, எது தேவலை என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு ஜோக்கை மட்டும் எடுத்துக்கொண்டு சொல்கிறேன். அதைத்தான் நான் அதிகம் பிரித்து மாட்டியிருக்கிறேன்.

எழுத்தில் அது இப்படி:

பெரியவர்: இந்த பஸ் கிருஷ்ணகிரி போகுமா?
கண்டக்டர்: போகும், ஏறி குந்துங்க.
(அரை மணி நேரம் கழித்து)
பெரியவர்: ஏம்பா, டிரைவர் எங்க?
கண்டக்டர்: கிருஷ்ணகிரிக்கு அவசரமா போகணும்னாரு. முன்னாடி பஸ்ல ஏத்தி வுட்டுட்டேன்.

கடைசி வரியை முதலில் 'டிரைவர் முன்னாடி போன பஸ்ல கிருஷ்ணகிரி போயிட்டாரு' என்றுதான் எழுதினேன். சிரிப்பே வரவில்லை. 'முன்னாடி போன பஸ்ல' என்றதுமே விஷயம் முடிந்துபோகிறது, அதற்குப் பிறகு வருவதெல்லாம் வால். இப்போதைய வரியில் 'ஏத்தி வுட்டுட்டேன்' என்பதுதான் வெடி, ஏனென்றால் இதைச் செய்ததே கண்டக்டர்தான் என்று அங்கேதான் தெரிகிறது. தமிழில் வினை கடைசியில் வருகிறது, யார் செய்தார் என்பதும் அதன் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. ஜோக் எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் எழுத்தில் ஒரு தொல்லை. கண் ஒவ்வொரு சொல்லாக நடந்து போவதில்லை, தாண்டித் தாண்டிப் போகிறது. ஐந்து வரி ஜோக் என்றால் கடைசி வரியும் திரையில் கூடவே நிற்கிறது. சிலர் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நடுவில் வெற்று வரிகள் விட்டுப் பார்த்தேன், புள்ளி வைத்துப் பார்த்தேன். புள்ளி வைத்தால் 'இதோ ஜோக் வருது' என்று தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. கொஞ்சம் உதவியது நான் வைக்காத ஒன்று: ஃபேஸ்புக்கில் பதிவு நீண்டால் பாதியில் வெட்டி `See more` என்று காட்டும். மேலே பஸ் ஸ்டாண்டைப் பற்றி இரண்டு வரி சேர்த்தேன், வெட்டு 'டிரைவர் எங்க?' என்ற இடத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. ஆள் விரலால் தட்டித்தான் பதிலைப் பார்க்க வேண்டும். ஆனால் போனுக்குப் போன் வெட்டு விழும் இடம் மாறும், அதை நம்பி எழுத முடியாது.

வீடியோவில் அந்தத் தொல்லை இல்லை, நான் சொல்லும்வரை யாருக்கும் தெரியாது. அப்படித்தான் நினைத்தேன். முதல் வீடியோவில் இரண்டு குரலையும் நானே பேசி, வசனங்களை ஒன்றோடொன்று ஒட்டிப் போட்டேன். டீக்கடையில் மாமாவிடம் காட்டினேன். "யாருக்குடா அவசரம், பெரியவருக்கா?" என்று கேட்டார். இரண்டு வாக்கியமும் ஒரே மூச்சில் போனதால் முதல் வாக்கியம் அவர் மனதில் உட்காரவே இல்லை.

சரி, இடைவெளி விடலாம் என்று பெரியவர் கேள்விக்கும் கண்டக்டர் பதிலுக்கும் நடுவே ஒரு வினாடிக்கு மேல் விட்டேன். அது இன்னும் மோசம். காரணம் பிறகுதான் புரிந்தது. சாதாரணப் பேச்சில் ஒருவர் முடித்ததும் அடுத்தவர் கிட்டத்தட்ட 0.2 வினாடியில் ஆரம்பித்துவிடுகிறார். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று சராசரி இதை ஒட்டித்தான் இருப்பதாகச் சொல்கிறது. அதைவிடத் தாமதித்தால், இவன் எதையோ மறைக்கிறான் அல்லது இல்லை என்று சொல்லப் போகிறான் என்று காது எடுத்துக்கொள்கிறது. கடன் கேட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தத் தாமதம் தெரியும். என் ஜோக்கில் கண்டக்டர் கள்ளம் கபடம் இல்லாதவர், நல்ல காரியம் செய்ததாக நினைக்கிறவர். அவர் தயங்கினால் குற்றவாளி ஆகிவிடுகிறார்.

அதனால் பதிலை உடனே தொடங்க வைத்தேன். இடைவெளியை 'போகணும்னாரு' என்பதற்குப் பிறகு நகர்த்தினேன். அங்கே எவ்வளவு? என் வீடியோ வினாடிக்கு 30 பிரேம். 10 பிரேம் வைத்தால் மூச்சு வாங்கிய மாதிரிதான் இருந்தது. 60 பிரேம் வைத்தபோது மாமா எனக்கு முன்னாலேயே "அவரே போயிட்டாரா?" என்று உடைத்துவிட்டார். 27 பிரேமில், அதாவது 0.9 வினாடியில், நின்றது. இது எல்லா ஜோக்குக்கும் பொருந்தும் அளவு இல்லை. கேட்பவர் சந்தேகப்பட நேரம் வேண்டும், கண்டுபிடிக்க நேரம் கூடாது. ஜோக் எவ்வளவு சிக்கலோ அதைப் பொறுத்து மாறும்.

அப்புறம் அந்த 0.9 வினாடியே காணாமல் போனது. எடிட்டிங் செயலியில் மௌனத்தைத் தானாக வெட்டும் வசதியை ஆன் செய்து வைத்திருந்தேன். பேச்சு வீடியோக்காரர்களுக்கு அது வரப்பிரசாதம், எனக்கு அது ஜோக்கையே வெட்டிவிட்டது. அதை நிறுத்தினால் அடுத்த சிக்கல்: சத்தக் குறைப்பு இடைவெளியைச் சுத்தமான மௌனமாக்கிவிட்டது. பார்த்தவர்கள் நெட் போய்விட்டது என்று தள்ளிவிட்டுப் போனார்கள். உண்மையான மௌனத்தில் ஏதாவது இரைந்துகொண்டிருக்க வேண்டும். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் போய், நின்றிருந்த பஸ்ஸுக்குள் ஒரு நிமிடம் ஒலி பதிந்து அடியில் போட்டேன். உடனே ஒரு கமெண்ட்: "டிரைவர் இல்லாம இன்ஜின் எப்படி ஓடுது?" மறுபடி போனேன். இந்த முறை வெளியே நின்று, "சேலம் சேலம்" என்று யாரோ கூவுவதை எடுத்துவந்தேன்.

எழுத்தில் யாரும் கவனிக்காத 'குந்துங்க' வீடியோவில் தனியாகச் சிரிப்பை வாங்கியது. மதுரைப் பக்கத்துக்காரர்கள் அந்தச் சொல்லையே பேசிக்கொண்டிருந்தார்கள், ஜோக்கை விட்டுவிட்டார்கள். முதல் சிரிப்பு தவறான இடத்தில் விழுந்தால் இரண்டாவதுக்கு ஆள் இருப்பதில்லை. இப்போது அதைக் கொஞ்சம் அடக்கிப் பேசுகிறேன், மாற்றவில்லை. அரை மணி நேரத்துக்கு மட்டும் எழுத்தின் அடைப்புக்குறிக்கு ஈடாக எதுவும் கிடைக்கவில்லை. வேர்க்கடலை உடைக்கும் சத்தம் வைத்திருக்கிறேன், சுமார்தான்.

கடைசியில் சப்டைட்டில். பலர் வீடியோவைச் சத்தமில்லாமல்தான் பார்க்கிறார்கள், பஸ்ஸில் வேறு எப்படி? தானாக வரும் சப்டைட்டில் இரண்டு வாக்கியத்தையும் ஒரே பெட்டியில் காட்டியது. குரல் இடைவெளியில் காத்திருக்கும்போதே 'ஏத்தி வுட்டுட்டேன்' திரையில் நிற்கிறது, சத்தத்தோடு பார்ப்பவர்களுக்கும் கெட்டுப்போகிறது. இப்போது கையால் பிரித்து, கடைசிப் பெட்டியைக் குரல் ஆரம்பிக்கும் பிரேமில் வைக்கிறேன். முப்பது வினாடி வீடியோவுக்கு இதற்கே அரை மணி நேரம் போகிறது.

போன மாதம் சித்தப்பா என் பழைய எழுத்துப் பதிவைப் போனில் பார்த்து டீக்கடையில் சத்தமாகப் படித்தார். 'போகணும்னாரு' வரை வந்தார், எழுத்து பொடியாக இருந்ததால் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். பெஞ்சில் இருந்த நால்வரும் டம்ளரோடு அப்படியே நின்றார்கள். "அப்புறம்?" என்றார் ஒருவர். சித்தப்பா ஒரு வாய் டீ குடித்துவிட்டுத்தான் மிச்சத்தைப் படித்தார். இரண்டு வினாடிக்கு மேலேயே இருக்கும். யாரும் முன்கூட்டி உடைக்கவில்லை, மாமா உட்பட.