வேண்டாத விற்பனை மெயில்: அன்சப்ஸ்கிரைபா, ஸ்பேமா, இரண்டு வரி பதிலா?

கேட்காமலே வரும் விற்பனை மெயில்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் போகும் விளம்பர மடல். மற்றொன்று, உங்கள் பெயரைச் சொல்லி ஒரு விற்பனையாளர் தன் சொந்த முகவரியிலிருந்து எழுதியதுபோல வருவது. முதல் ரகத்துக்குச் சரியான வழி இரண்டாவதில் பெரும்பாலும் பலிக்காது.

விளம்பர மடலுக்கு அன்சப்ஸ்கிரைப்தான் சிறந்தது. பதில் எழுதினால் அதைப் பார்க்கப் பெரும்பாலும் ஆளே இருக்க மாட்டார். No-reply முகவரியாக இருந்தால் பதில் போய்ச் சேராமல் திரும்பியும் வரலாம். 2024 முதல், ஜிமெயில் பயனர்களுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் மெயில் அனுப்புவோரின் விளம்பர மடல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி இருக்க வேண்டும், கோரிக்கையை 2 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று ஜிமெயில் விதித்திருக்கிறது. மடலின் அடியில் இருக்கும் இணைப்பைவிட, அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் ஜிமெயிலே காட்டும் Unsubscribe பொத்தானை அழுத்துவது நல்லது. அது மெயிலின் தலைப்பகுதியில் உள்ள இந்த வரிகளைக் கொண்டு இயங்குகிறது:

```
List-Unsubscribe: <https://example.com/u/123>
List-Unsubscribe-Post: List-Unsubscribe=One-Click
```

மெயிலின் மெனுவில் Show original திறந்து பார்த்தால் இவை இருக்கின்றனவா என்று தெரிந்துவிடும். அனுப்பியவர் யாரென்றே தெரியாத மோசடி வாடை அடிக்கும் மெயிலில் எந்த இணைப்பையும் தொட வேண்டாம். ஸ்பேம் என்று குறித்துவிட்டு நகருங்கள்.

இரண்டாவது ரகத்தில் அந்த வரிகள் பெரும்பாலும் இருக்காது. தனி ஆள் எழுதியதுபோலத் தோன்றினாலும், பல நேரங்களில் பின்னால் ஒரு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும். முதல் மடலுக்குப் பதில் வராவிட்டால் சில நாள் கழித்து இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று ஃபாலோ-அப் தானாகப் போகும். பதில் வந்ததும் அந்தத் தொடர் நிற்கும்படிதான் வழக்கமாக அமைத்திருப்பார்கள். அதனால், கண்டுகொள்ளாமல் விடுவது இங்கே அடுத்த மடலுக்கு வழிவிடுகிறது. ஸ்பேம் பொத்தான் உங்கள் பெட்டியைக் காக்கும். ஆனால் அவர்களுடைய பட்டியலில் நீங்கள் அப்படியே இருப்பீர்கள், வேறொரு டொமைனிலிருந்து மறுபடி எழுதலாம். இங்கேதான் சுருக்கமான பதில் வெல்கிறது.

ஆனால் எந்தப் பதில்? பலரும் எழுதுவது இப்படி:

«மன்னிக்கவும், இந்த வருடம் பட்ஜெட் இல்லை. இப்போதைக்கு வேண்டாம்.»

படிக்கப் பண்பாக இருக்கிறது. விற்பனையாளரோ இதை «அடுத்த வருடம் கேட்கலாம்» என்று குறித்துக்கொள்வார். காரணம் சொன்னால் அந்தக் காரணத்துக்கு ஒரு பதில் தயாராக இருக்கும்: பட்ஜெட் இல்லை என்றால் தள்ளுபடி, நேரமில்லை என்றால் பத்து நிமிட அழைப்பு. பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லும் சொல்லும் இதில் இல்லை. இதற்குப் பதிலாக:

«வணக்கம். உங்கள் சேவை எங்களுக்குத் தேவைப்படாது. office@example.com என்ற முகவரியை எல்லா அஞ்சல் பட்டியல்களிலிருந்தும் நீக்கி, இனித் தொடர்புகொள்ளக் கூடாதவர்கள் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். நன்றி.»

முகவரியை எழுதிக் காட்டுவதற்குக் காரணம் உண்டு. office@ முகவரிக்கு வந்த மெயில் உங்கள் சொந்தப் பெட்டிக்குத் திருப்பப்பட்டிருக்கலாம். நீங்கள் சொந்த முகவரியிலிருந்து பதில் போட்டால் அவர்கள் அதைத் தேடுவார்கள், பட்டியலில் கிடைக்காது, office@ தொடர்ந்து மெயில் வாங்கிக்கொண்டே இருக்கும். எந்த முகவரிக்கு வந்தது என்பதை மெயிலின் To வரியில் பார்க்கலாம்.

அந்தப் பதிலின் கடைசிப் பகுதி அதைவிட முக்கியம். வெறுமனே «என் விவரங்களை அழித்துவிடுங்கள்» என்று கேட்டால் உண்மையிலேயே சுத்தமாக அழித்துவிடக்கூடும். சில மாதம் கழித்து வேறு எங்கிருந்தோ ஒரு முகவரிப் பட்டியலை வாங்கி ஏற்றும்போது, உங்களை முன்பு நீக்கிய தடயமே இல்லாததால் புது ஆளாக மீண்டும் உள்ளே வருவீர்கள். தொடர்புகொள்ளக் கூடாதவர்கள் பட்டியலில் முகவரி இருந்தால், ஏற்றும்போதே அது தடுக்கப்படும்.

புது மெயிலாக எழுதாமல், வந்த மடலிலேயே Reply அழுத்தி எழுதுங்கள். தொடர் பல மடல்களாக வந்திருந்தால் கடைசியாக வந்ததற்கு. அப்போதுதான் மென்பொருள் அந்தப் பதிலை உங்கள் பெயரோடு பொருத்தித் தொடரை நிறுத்தும். தானியங்கி விடுமுறைப் பதிலைப் பல மென்பொருள்கள் பதிலாகக் கணக்கில் எடுப்பதில்லை என்பதால், அது போயிருக்கிறது என்று நம்பி விட்டுவிட வேண்டாம்.

«சரி, ஆனால் ஒரே ஒரு கேள்வி» என்று விற்பனையாளர் திரும்ப எழுதினால் பதில் தேவையில்லை. கோரிக்கை ஏற்கெனவே பதிவாகிவிட்டது. இரண்டு வாரம் கழித்தும் ஃபாலோ-அப் வந்தால், அதே இழையில் «முன்பே நீக்கச் சொல்லியிருந்தேன்» என்று தேதியோடு ஒரு வரி. அதற்குப் பிறகும் வந்தால் ஸ்பேம் என்று குறியுங்கள், அந்த டொமைன் முழுவதையும் நேராகக் குப்பைக்கு அனுப்ப ஒரு ஃபில்டரும் போட்டுவிடுங்கள்.